மலேரியா சார்ட் ஒண்ணு பண்றோம், கொஞ்சம் உதவுங்க

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், தம்பி பிளஸ் டூ, பயாலஜி ப்ராஜெக்டுக்கு மலேரியா எடுத்திருக்கான், அதுலயும் நம்ம சென்னையில அதிகமா வர்ற வைவாக்ஸ் மட்டும்.

கொசு கடிச்சதும் அதோட எச்சில் வழியா மலேரியா ஒட்டுண்ணி ஸ்போரோசோயிட்டா உள்ள போய் கல்லீரல்ல பெருகி, ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களை 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை உடைக்குது, அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் ஜுரம், இது வரைக்கும் வரைஞ்சாச்சு. ஆனா வைவாக்ஸ்ல கொஞ்சம் ஒட்டுண்ணி கல்லீரல்லயே ஹிப்னோசோயிட்டா தூங்கிட்டு மாசக்கணக்குல கழிச்சு முழிச்சுக்கும். புதுசா கொசு கடிக்காமலே ஜுரம் திரும்ப வர்றது இதனாலதான். ரத்தத்துல இருக்கறத கொல்ற குளோரோகுயின் இத தொடாது, டாக்டர் ரத்தம் டெஸ்ட் பண்ணி பார்த்து பிரைமாகுயின் 14 நாள் குடுப்பாங்க, ஜுரம் விட்டதும் பாதியில நிறுத்தினா மறுபடி வரலாம். இத ஒரே வட்டமா போட்டா புரியல, எப்படி வரையலாம்?

தடுப்புக்கு மொட்டைமாடி டேங்க் மாடல் வைக்கறோம், நகரத்துல இத பரப்புற அனாபிலஸ் ஸ்டீபன்சி அந்த நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், சாக்கடையில இல்ல. புழு தண்ணி மேல படுத்த மாதிரி மிதந்தா அனாபிலஸ், தலைகீழா தொங்கினா கியூலக்ஸோ ஏடிஸோ.

லேப்ல வேலை பாக்குறவங்க யாராவது வைவாக்ஸ் ஸ்லைடு போட்டோ இருந்தா அனுப்புங்க, ரிங் ஸ்டேஜும் கேமிட்டோசைட்டும் போதும், வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும்.