வருகிறேன் என்று சொன்னவர்கள் வராமல் போகிறார்கள், எங்கே தவறுகிறோம்? (டர்பன்)

பிராஸ்பெக்டன் கிடங்கு:
வணக்கம். பிராஸ்பெக்டனில் ஒரு கிடங்குக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் 4 பேர் தேவை. போன மாதம் 22 பேரிடம் போனில் பேசி இன்டர்வியூவுக்கு அழைத்தேன். அத்தனை பேரும் சரி என்றார்கள். வந்தது 10 பேர். அதில் 4 பேரை எடுத்தோம், வேலை தொடங்கும் திங்கட்கிழமை காலை 7 மணிக்கு வாசலில் நின்றது 2 பேர்தான். வராத ஒருவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக். இன்னொருவருக்கு நீல டிக் விழுந்தது, ஆனால் பதில் இல்லை.

எங்கள் முறை: ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டுத் தேதியும் நேரமும் சொல்வோம், முகவரியை மின்னஞ்சலில் அனுப்புவோம். பிறகு அன்றைக்குத்தான் பார்ப்போம். இதில் எதை மாற்றலாம்?

ஃபீனிக்ஸ்காரர்:
10 பேர் வேண்டுமானால் 20 பேரைக் கூப்பிடுங்கள், அவ்வளவுதான் கணக்கு. வராதவன் பெயரைப் பட்டியலில் போட்டு மற்ற கம்பெனிகளுக்கும் கொடுத்துவிடுங்கள். 100 ராண்ட் முன்பணம் வாங்கி, வந்ததும் திருப்பிக் கொடுத்தால் எவனும் ஏமாற்றமாட்டான்.

சரோ அக்கா:
தம்பி ஃபீனிக்ஸ், கூடுதலாக ஆள் கூப்பிடுவது சரிதான், ஆனால் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. முன்பணப் பேச்சே வேண்டாம். வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடுக்கிறது. திருப்பித் தருவேன் என்றாலும், இந்த ஊரில் முதலில் பணம் கேட்பவன் மோசடிக்காரன் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள், நல்ல ஆள்தான் முதலில் விலகுவார். பெயர்ப் பட்டியலைக் கைமாற்றினால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா குறுக்கே வரும்.

பிராஸ்பெக்டன் தம்பிக்கு: உங்களுக்கு இரண்டு இடத்தில் ஆள் கழன்றிருக்கிறது. இன்டர்வியூவுக்கு முன்னால் 12 பேர், வேலை கொடுத்த பிறகு 2 பேர். இரண்டுக்கும் காரணம் வேறு, அதனால் மருந்தும் வேறு.

முதலில் அந்த 12 பேர். தெரியாத லேண்ட்லைன் எண் வந்தால் பாதிப் பேர் எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் பஸ்ஸில் நின்றுகொண்டு "சரி, சரி" என்பார்கள். போனில் சொன்ன சரியை நான் சம்மதமாகவே எடுப்பதில்லை. டேட்டா இல்லாதவர் மின்னஞ்சலைத் திறந்தும் பார்க்கமாட்டார். அதனால் வரிசையை மாற்றுங்கள். ஒரே ஒரு செல்போன் எண்ணை இதற்கென்று வையுங்கள். முதலில் அதிலிருந்து கம்பெனி பெயர், எந்த வேலைக்கு, யார் பேசுகிறோம் என்று செய்தி அனுப்பிவிட்டு, 10 நிமிடம் கழித்து அதே எண்ணிலிருந்து கூப்பிடுங்கள். பேசி முடித்த அதே மணி நேரத்தில் எழுத்தில் அனுப்புங்கள். நாங்கள் இங்கிலீஷிலும் சூலுவிலும் அனுப்புவதன் சாரம் இது:

"வியாழன் காலை 10 மணி. வாசலில் செக்யூரிட்டியிடம் என் பெயரைச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்டும் சோதனையோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகும். அடையாள அட்டை, ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ் இரண்டின் அசலும் வேண்டும். மணிக்கு இத்தனை ராண்ட், ஷிப்ட் 7 முதல் 4 வரை. யாரும் உங்களிடம் பணம் கேட்கமாட்டார்கள். வருவதானால் 1, வேறு நாள் வேண்டுமானால் 2, வேண்டாமென்றால் 3 என்று பதில் போடுங்கள். ஏர்டைம் இல்லையென்றால் ப்ளீஸ் கால் மீ அனுப்பினால் போதும்."

இதோடு லொகேஷன் பின், எந்த டாக்சி ஸ்டாண்டில் எந்த டாக்சி ஏறுவது என்பதும் போக வேண்டும். ஃபீனிக்ஸிலிருந்து வருகிறவர் ஊருக்குள் போய் இன்னொரு டாக்சி மாற வேண்டும், வழி தெரியாமல் அங்கேயே திரும்பிவிடுவார். 2-ம் 3-ம் ஏன் என்றால், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவருக்கு அது ஒரு கதவு. 3 வந்தால் சந்தோஷப்படுங்கள், அந்த இடத்துக்கு இன்னொருவரைக் கூப்பிட நேரம் இருக்கிறது.

முந்தைய நாள் மதியம் ஒரு நினைவூட்டல். மாலை 5 மணிக்குள் பதில் இல்லையென்றால் ஒரு தடவை கூப்பிடுங்கள். அதற்கும் இல்லையென்றால் அந்த நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, அதையும் அவருக்கு எழுதிவிடுங்கள். ஐந்தாறு தடவை விரட்டினால் மோசடி என்ற சந்தேகம்தான் வலுக்கும்.

ஒரே டிக் என்றால் செய்தி அவர் போனுக்கே போகவில்லை. டேட்டா தீர்ந்திருக்கும், அல்லது போன் ஆஃப். அதை மௌனம் என்று எடுக்காதீர்கள், அதே விஷயத்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள், அதற்கு டேட்டா வேண்டாம். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால்தான் மனத்தில் ஏதோ இருக்கிறது.

இன்னொன்று: சான்றிதழின் படத்தை இன்டர்வியூவுக்கு முன்பே கேளுங்கள். காலாவதியானதை வைத்திருப்பவர் உங்கள் வாசல் வரை வந்து அவமானப்படமாட்டார், சொல்லாமல் நின்றுவிடுவார்.

மெர்பேங்க் வாசகர்:
எங்களிடம் ஒருவர் 5 மாதம் வேலை பார்த்துவிட்டு 4 நாளாக வரவில்லை, போனும் எடுப்பதில்லை. இதே மாதிரி இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாமா?

சரோ அக்கா:
கூடாது. அவர் வேலைக்குச் சேர்ந்தவர், ஒப்பந்தம் இருக்கிறது. திரும்பி வரச் சொல்லி எழுத்தில் அனுப்பாமலும், விசாரணைக்கு அழைக்காமலும் நீக்கினால், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ வாசலில் நிற்க வேண்டிவரும். இது வேறு கதை, தனி இழை போடுங்கள்.

பிராஸ்பெக்டன் கிடங்கு:
நன்றி அக்கா. வேலை கொடுத்த பிறகு வராத அந்த இருவர்? இருவரும் இன்னொரு கிடங்கில் வேலையில் இருந்தவர்கள். 14 நாள் கழித்துத் தொடங்கச் சொன்னோம், நடுவில் நாங்கள் பேசவில்லை. நீல டிக்காரர் அங்கே 3 வருடமாக இருக்கிறார்.

சரோ அக்கா:
அங்கேதான் முடிச்சு. ஒரு வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவர் 4 வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 6 மாதம் வரை என்றால் 1 வாரம், அதற்கு மேல் ஒரு வருடத்துக்குள் என்றால் 2 வாரம். 3 வருடக்காரரிடம் 14 நாளில் வா என்றிருக்கிறீர்கள். முடியாது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து, சரி என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டிருப்பார். ராஜினாமாக் கடிதம் பார்த்த முதலாளி சம்பளத்தை ஏற்றியும் இருக்கலாம், எது என்று கேட்டால்தான் தெரியும்.

அவருக்கு இன்றே இப்படி எழுதுங்கள்: "திங்கட்கிழமை வரவில்லை, பரவாயில்லை. நோட்டீஸ் முடியவில்லையா, அல்லது அங்கேயே இருக்க முடிவு செய்தீர்களா? வெள்ளி மதியம் 12 மணி வரை இடத்தை வைத்திருக்கிறேன்." கோபம் ஒரு சொல்லில்கூடத் தெரியக் கூடாது.

இனிமேல் இன்டர்வியூவிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: இப்போதைய இடத்தில் எத்தனை காலம், வேறு எங்கேயாவது பதிலுக்குக் காத்திருக்கிறீர்களா. பதிலை வைத்துத் தேதி குறியுங்கள். நீங்கள் வேலைக் கடிதம் கொடுத்த 2 நாளில், அங்கே நோட்டீஸ் எழுதிக் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் இரண்டாவது ஆளை விட்டுவிடாதீர்கள். பிறகு வாரம் ஒரு செய்தி: ஒரு வாரம் சீருடை அளவு, அடுத்த வாரம் வங்கி விவரப் படிவம், கடைசியில் முதல் நாள் யாரைப் பார்ப்பது. நலம் விசாரிக்கும் வெறும் செய்திக்குப் பதில் வராது, அளவு கேட்டால் வரும்.

உம்லாஸ் ரோடு:
மறுபக்கமும் இருக்கிறது. இன்டர்வியூ முடித்து 3 வாரமாகியும் வேண்டாம் என்றுகூடச் சொல்லாத கம்பெனிகளுக்கு யார் பதில் சொல்வது?

சரோ அக்கா:
நியாயம். எடுக்காத 6 பேருக்கும் ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள் தம்பி. இருவர் வராமல் போனபோது நீங்கள் கூப்பிட வேண்டியது அவர்களில் ஒருவரைத்தானே?

ஃபீனிக்ஸ்காரர்:
சரி, முன்பணத்தை விட்டுவிடுகிறேன். நாமே டாக்சிக் காசு கொடுத்தால்? 20ஆம் தேதிக்கு மேல் பலர் கையில் காசே இருக்காது.

சரோ அக்கா:
வந்த பிறகு கையில் கொடுத்தால், வரவே காசில்லாதவருக்கு அது உதவாது. முன்பே அனுப்பினால் வராதவருக்கும் போய்விடும். இன்டர்வியூவை மாதத்தின் முதல் வாரத்தில் வைத்துப் பார்க்கலாம். வேறு யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

பிராஸ்பெக்டன் கிடங்கு:
எழுதினேன், நீல டிக்காரர் பதில் போட்டுவிட்டார்: நோட்டீஸ் இன்னும் 13 நாள் பாக்கி, வருகிறாராம். ஒரே டிக்காரருக்கு எஸ்எம்எஸ் போயிருக்கிறது, இன்னும் ஒன்றும் இல்லை.