பாடசாலைப் பதிவில் பிறந்த திகதி பிழை: திருத்தியவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளி வாசகி:
வர்த்தமானியில் போட்டிப் பரீட்சை அறிவித்தல் வந்தது. பத்திரங்களை எடுத்து அடுக்கினால், பிறப்புச் சான்றிதழில் 2002.03.12, விடுகைப் பத்திரத்தில் 2002.04.09. ஏப்ரல் எங்கிருந்து வந்தது என்று தேடியதில் விளங்கியது: அது என் பிறப்பைப் பதிவு செய்த திகதி! முதலாம் ஆண்டில் சேர்த்த அன்று யாரோ கட்டம் மாறிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இப்போது எங்கே தொடங்குவது?

கிண்ணியாத் தம்பி:
அக்கா, சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்து விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். என் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசத்துக்கு அப்படித்தான் செய்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற லிகிதர்:
தம்பி, அது பெயருக்குச் சரி. திகதி வேறு விஷயம். சத்தியக்கடதாசி கொடுத்தாலும் சேர்வு இடாப்பில் பிழை அப்படியே கிடக்கும், நேர்முகத்தில் மறுபடி கேட்பார்கள்.

தங்கச்சி, முதலில் அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். புதிய இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு, பெண்களுக்கு 500 கூட்ட வேண்டும். மார்ச் 12 என்றால் 2002572, ஏப்ரல் 9 என்றால் 2002600.

உப்புவெளி வாசகி:
2002572 தான் ஐயா!

ஓய்வுபெற்ற லிகிதர்:
அப்பாடா. அப்போ பிழை பாடசாலையோடு நிற்கிறது. பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி எடுத்து, அதிபருக்கு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். நாங்கள் பழைய திகதியை அழிப்பதில்லை. சிவப்பு மையால் ஒரு கோடு, மேலே சரியான திகதி, பக்கத்தில் சான்றிதழ் இலக்கமும் அதிபரின் ஒப்பமும். சுரண்டி எழுதிய இடாப்பைப் பார்த்தாலே மேலதிகாரிக்குச் சந்தேகம் வரும். அதிபர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்தில் கடிதம் கேட்பார், அது நியாயம்தான். பிறகு புதிய விடுகைப் பத்திரம் வாங்குங்கள். விண்ணப்பத்தில் இப்போதே மார்ச் 12ஐப் போடுங்கள்.

மூதூர் வாசகர்:
எனக்கும் இதே பிரச்சினை. பிறப்புச் சான்றிதழையே பாடசாலைத் திகதிக்கு மாற்ற எவ்வளவு செலவாகும்?

ஓய்வுபெற்ற லிகிதர்:
இதே பிரச்சினை இல்லை, தலைகீழ். சான்றிதழ் உண்மையில் பிழை என்றால் மட்டும் பதிவாளரிடம் போங்கள். பாடசாலைக்கு ஏற்ப அதை வளைக்கப் போனால் அடையாள அட்டையும் இடிக்கும்.

உப்புவெளி வாசகி:
சாதாரண தரத்துக்குப் பாடசாலைதான் விண்ணப்பித்தது. பரீட்சைத் திணைக்களத்திலும் ஏப்ரல்தான் இருக்குமோ?

ஓய்வுபெற்ற லிகிதர்:
இருக்கலாம். இடாப்பைத் திருத்திய பின் அதிபர் ஊடாகவே அங்கேயும் எழுதிக் கேளுங்கள். அந்தப் பதில் முடிவுத் திகதிக்கு முன் வருமா என்று என்னால் சொல்ல முடியாது.

கிண்ணியாத் தம்பி:
எங்கள் அண்ணா படித்த பாடசாலையின் இடாப்பு 2004 சுனாமியோடு போய்விட்டது ஐயா. அப்போ சிவப்புக் கோடு எதிலே போடுவது?