புதுப்பிப்பு: கைப்பம்பி மகஜர்

முன்பு கேட்டது: "பிரதேச சபைக்கு மகஜர் கொடுத்து ஒரு மாதம். கைப்பம்பியைத் திருத்த ஒருவரும் வரவில்லை. என்ன செய்யலாம்?"

பம்பி திருத்திப் பழகிய ஐயா சொன்னபடி காலையில் அடித்துப் பார்த்தோம். 40 தடவை அடித்த பிறகுதான் தண்ணீர், பிறகு நன்றாக வந்தது. அரை மணி நேரம் விட்டால் மறுபடியும் வெறும் அடி. குழாயில் நிற்கவேண்டிய தண்ணீர் கீழே இறங்குகிறது. தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும் அடிவால்வில் கசிவு, இல்லையென்றால் குழாய் மூட்டில்.

வாசர்தான் பழுது என்று சொன்ன தம்பிக்கு: வாசர் மட்டும் தேய்ந்திருந்தால் தண்ணீர் உடனே வரும், ஆனால் குறைவாக வரும்.

பழைய மகஜரில் "பழுது" என்று மட்டும் எழுதியிருந்தோம். இம்முறை சோதித்ததை எழுதி, கையொப்பங்களுடன் கொடுத்து, முத்திரையிட்ட பிரதியும் வாங்கினோம். சபை ஆட்கள் வந்து குழாயை வெளியே இழுத்தார்கள். மூட்டில் துருவோட்டை. மாற்றியாயிற்று. அடிவால்வும் லேசாகக் கசிகிறது, அதற்குப் பாகம் வரவில்லை.