பெயர் சூட்டு விழா வரவேற்புரை: யார் பெயரையும் விடாமல் எப்படிச் சொல்வது?

சித்தப்பா: ஞாயிறு அண்ணன் மகளுக்குப் பெயர் சூட்டு விழா. வரவேற்றுப் பேசும் பொறுப்பு என் தலையில். இரண்டு பக்கமும் சேர்த்து 60 பேர் வருவார்கள். 22 பெயர்கள் எழுதி வைத்திருக்கிறேன். யாரை முதலில் சொல்வது?

மைக் பழகியவர்: அந்தப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 22 பேரைச் சொன்னால் மிச்சம் 38 பேர் தங்கள் பெயர் வருமா என்றுதான் காத்திருப்பார்கள். குழந்தை எப்படிக் கூப்பிடுமோ அந்த முறையில் வரவேற்றுப் பாருங்கள். தாத்தா, பாட்டி என்றால் இரண்டு பக்கமும் அடங்கிவிடும். அத்தை, மாமாவும் அப்படித்தான். அண்ணனின் தங்கையும் அத்தை, அண்ணியின் தம்பி மனைவியும் அத்தை. பெரியப்பா, சித்தி என்றாலும் இரு வீட்டிலும் ஆள் உண்டு. "சம்பந்தி வீட்டார்" என்று வாய் தவறியும் வேண்டாம், அங்கேயே கோடு விழும்.

பெரியம்மா: குழந்தையின் பெயரையும் வரவேற்பிலேயே சொல்லிவிடலாமே? கூட்டம் கவனிக்கும்.

மைக் பழகியவர்: கவனிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அப்புறம் காதில் பெயர் சொல்லும்போது கேட்க யாருக்கும் ஆவல் இருக்காது. அதுவரை "பாப்பா" போதும். பேச்சு இந்த அளவில் இருக்கட்டும்:

"எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவோட தாத்தா பாட்டிமார், அத்தை மாமாக்கள், பெரியப்பா பெரியம்மா, சித்தப்பா சித்தி, அக்கா அண்ணன்கள், நண்பர்கள் எல்லாரும் வாங்க வாங்க. தூரத்துலேருந்து கிளம்பி வந்தவங்களுக்கு எங்க குடும்பத்தோட நன்றி. பிரசவத்துலேருந்து இன்னிவரைக்கும் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கிட்ட பெரியவங்களுக்குத் தனியா ஒரு நன்றி. பாப்பாவைத் தூக்கிட்டு வரட்டும், பேரைக் கேட்போம்."

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் பேச்சு முடிந்ததா என்று தெரியாமல் குழந்தையை உள்ளேயே வைத்திருப்பார்கள்.

புது அம்மா: அழைப்பிதழிலும் இதே வரிசையில் போடலாமா?

பெரியம்மா: அவர் கேட்பது பேசுவதற்கு அம்மா. அழைப்பிதழில் பெயர் போடாமல் முடியாது.

சித்தப்பா: முறை வைத்துச் சொல்வது பிடித்திருக்கிறது. மறைந்த எங்கள் அப்பாவையும் ஒரு வரி சொல்லலாமா?

மைக் பழகியவர்: வேண்டாம் என்பேன். உங்கள் குரல் உடைந்தால் கூட்டமே கலங்கும், அடுத்து குழந்தையைக் கொண்டுவருவது சிரமம்.

பெரியம்மா: எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லாமல் விட்டால் பாட்டிக்குத்தான் குறை. அவரிடமே முதல் நாள் கேட்டுவிடுங்கள். சொல்வதென்றால் "தாத்தா பாட்டிமார்" என்றதும் ஒரே வரி, நன்றிக்குப் பிறகு வேண்டாம்.

சித்தப்பா: கேட்கிறேன். அம்மா என்ன சொல்வார் என்று எனக்கே தெரியவில்லை.