பொருள்: ‘ஃப்ரீ ரைடர்’ – கலைச்சொல் வேண்டல் (பொதுநிதியியல்)

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொதுநிதியியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரியைக் கட்டாயமாக ஏன் வாங்க வேண்டும் என்று விளக்கும் இயலில், செலவில் பங்கு தராமலே பொதுவான பயனைப் பெறுபவரைக் குறிக்கும் ‘ஃப்ரீ ரைடர்’ என்ற சொல் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் வருகிறது. ‘பப்ளிக் குட்’ என்பதற்குப் ‘பொதுப் பண்டம்’ என்று வைத்துக்கொண்டேன். மற்றதற்கு ‘இலவசப் பயணி’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அது மனத்துக்கு ஒட்டவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

முருகேசன் எழுதியது:

‘இலவசப் பயணி’ எல்லோருக்கும் புரிகிற சொல்தானே? 2021 முதல் நம் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அதற்கான செலவை வரிப்பணத்திலிருந்து அரசு ஈடுசெய்கிறது. நூல் சொல்வதும் இதைத்தான் என்றால் சொல்லை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

தமயந்தி எழுதியது:

முருகேசன் ஐயா இப்படிப் புரிந்துகொண்டதே அந்தச் சொல்லைக் கைவிடுவதற்குப் போதுமான காரணம். படிக்கும் மாணவர்களும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். பேருந்து இருக்கை பொதுப் பண்டம் அன்று. சீட்டு வாங்காதவரை நடத்துநர் இறக்கிவிட முடியும். ஒருவர் அமர்ந்த இருக்கையில் இன்னொருவர் அமர முடியாது. பெண்களிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது சட்டப்படி எடுக்கப்பட்ட ஒரு முடிவு. அதன்படி பயணம் செய்பவர் எதையும் தட்டிக்கழிக்கவில்லை. நூல் பேசுவதோ, தராதவரை விலக்கிவைக்க வழியே இல்லாத பயனைப் பற்றி.

‘ஓசிக்காரர்’ என்று முன்பொரு முறை இங்கே யாரோ முன்மொழிந்தது நினைவிருக்கிறது. அதையும் நான் ஏற்கமாட்டேன். பழிக்கும் சொல்லைக் கலைச்சொல்லாக்கினால், இது ஒழுக்கக்கேடு பற்றிய பேச்சு என்று வாசகர் எண்ணிவிடுவார். யாரிடமும் ஒழுக்கக்கேடு இல்லாதபோதும் இந்தச் சிக்கல் எழும் என்பதுதான் வரிக்கான வாதத்தின் உயிர்.

பாலு எழுதியது:

ஒழுக்கக்கேடு இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அம்மா. எங்கள் தெருவில் இருபது வீடுகள். கொசு மருந்துப் புகை அடிக்க வீட்டுக்கு முந்நூறு ரூபாய் என்று கேட்டுப் போனேன். பாதிப் பேர் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்றார்கள். புகை அடித்தபோது அவர்கள் வீட்டுக் கொசுவும்தான் செத்தது. இவர்களுக்கு ‘ஏமாற்றுக்காரர்’ என்பதே சரியான சொல்.

தமயந்தி எழுதியது:

பாலு தம்பி, உங்கள் தெருவையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீடு தரும் 300 ரூபாயில் ஒரு முறை புகை அடிக்கலாம் என்றும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வீட்டுக்கும் 50 ரூபாய் பெறுமான நன்மை கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இருபது வீட்டுக்கும் சேர்த்து நன்மை 1,000 ரூபாய். செலவு 300 ரூபாய். ஆகவே தெருவுக்கு இது நல்ல செலவு. ஆனால் பணம் தரும் வீட்டுக்காரர் தம் 300 ரூபாய்க்குத் தமக்கென்று பெறுவது 50 ரூபாய்தான். மற்றவர்கள் எல்லோரும் தந்தாலும் சரி, ஒருவரும் தராவிட்டாலும் சரி, தாம் தராமல் இருந்தால் அவருக்கு 250 ரூபாய் மிச்சம். இருபது பேரும் இப்படியே கணக்குப் போட்டால் புகையே அடிக்கப்படாது.

எல்லோரும் தந்தே ஆக வேண்டும் என்று விதி வந்துவிட்டால், ஒவ்வொருவரும் 300 ரூபாய் தந்து இருபது முறைக்கான நன்மையாக 1,000 ரூபாய் பெறுவார்கள். தலைக்கு 700 ரூபாய் ஆதாயம். தாமாக முன்வந்து தர மறுத்த அதே மனிதர், எல்லோருக்கும் பொதுவான கட்டாயம் என்றால் அதற்கு மனமுவந்து வாக்களிப்பார். இந்த இரண்டு நடத்தைகளுக்கும் இடையே முரண்பாடு இல்லை. கட்டாய வரிக்கான அடிப்படை வாதம் இதுதான். அவரை ஏமாற்றுக்காரர் என்று பெயரிட்டுவிட்டால் இந்த வாதத்தையே சொல்ல முடியாமல் போகும்.

என் முன்மொழிவு: ‘பங்களியாப் பயனர்’. சிக்கலைப் ‘பங்களியாமைச் சிக்கல்’ எனலாம்.

சந்திரன் எழுதியது:

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் வாதம் அவ்வளவு உறுதியானதன்று. கலங்கரை விளக்கத்தைத்தான் பொருளியல் நூல்கள் காலங்காலமாக எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தன. பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1974இல் எழுதிய கட்டுரையில், இங்கிலாந்தில் தனியார் கலங்கரை விளக்கங்களைக் கட்டி, கப்பல்களிடம் கட்டணம் வாங்கி நடத்தினார்கள் என்று காட்டிவிட்டார். வரி இல்லாமலே விளக்கு எரிந்திருக்கிறது.

தமயந்தி எழுதியது:

தனியார் கட்டினார்கள் என்பது உண்மை. அந்தக் கட்டணம் எப்படி வசூலானது என்பதையும் அதே கட்டுரையில் பார்க்க வேண்டும். அரசரிடம் உரிமைப் பட்டயம் பெற்றவர்தான் வசூலிக்கலாம். எவ்வளவு என்பதையும் பட்டயமே சொல்லும். பணம் துறைமுகத்தில் வசூலிக்கப்பட்டது, சுங்க அதிகாரிகளே வசூல் முகவர்களாக இருந்ததும் உண்டு. நடுக்கடலில் ஒளியைப் பார்த்த மாலுமி தாமாக விரும்பிக் கொடுத்த பணம் அன்று அது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இலேயே, அரசு கட்டாயமாக வசூலித்து ஈடுசெய்தாலன்றித் தன்னலம் கருதி ஒருவரும் கலங்கரை விளக்கம் கட்டமாட்டார் என்று எழுதியிருக்கிறார். தனியார் கட்டலாம், நடத்தலாம். தண்டல் மட்டும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். 1836ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எஞ்சிய தனியார் கலங்கரை விளக்கங்களையும், இங்கிலாந்தின் கலங்கரை விளக்கப் பொறுப்பமைப்பான டிரினிட்டி ஹவுஸ் விலைக்கு வாங்கிவிட்டது.

நம் நாட்டிலும் 1927ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டமும், அதற்குப் பதிலாக 2021இல் வந்த சட்டமும் இதே வழியைத்தான் பின்பற்றின: விளக்குக் கட்டணம் செலுத்தாத கப்பலுக்குத் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட அனுமதி கிடைக்காது. ஒளியை மறைக்க முடியாத அரசு கப்பலை நிறுத்திவைக்கிறது. இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியத் துறைமுகம் எதிலும் நிற்காமல் குமரிமுனைக்கு அப்பால் கடந்து போகும் கப்பல் அந்த ஒளியால் பயன் பெற்றும் ஒன்றும் தருவதில்லை. அந்தக் கப்பல்தான் நம் கலைச்சொல்லுக்குத் தூய எடுத்துக்காட்டு.

சந்திரன் எழுதியது:

வசூல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்த ஒளியே வேண்டாம் என்று உண்மையாகவே கருதும் மாலுமியிடமும் பணம் வாங்கப்படுகிறதே? போரையே எதிர்க்கும் ஒருவர் இராணுவத்துக்கான வரியையும் சேர்த்துத்தான் கட்டுகிறார். அவரை எந்தச் சொல்லால் குறிப்பது?

தமயந்தி எழுதியது:

நல்ல கேள்வி. ‘பயனுறாப் பங்களிப்பாளர்’ என்றால் முதற்சொல்லோடு இணையாக நிற்கும். ஆனால் சிக்கல் சொல்லோடு முடியவில்லை. உண்மையாகவே வேண்டாம் என்பவரையும், பணம் தராமல் இருப்பதற்காக வேண்டாம் என்பவரையும் பிரித்தறிய அரசிடம் கருவி இல்லை. ‘உங்களுக்கு இதனால் எவ்வளவு நன்மை?’ என்று கேட்டு, சொன்ன அளவுக்கே வரி விதித்தால், எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். 1896இல் சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் விக்செல், ஏறத்தாழ எல்லோரும் ஒப்பும் செலவுக்கே வரி விதிக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தால், உடன்படாத ஒரு சிலர் எல்லாவற்றையும் முடக்கிவிட இடமுண்டு. ஆகவே வரி ஏன் கட்டாயம் என்பதற்கு இந்த வாதம் விடை சொல்கிறது. யாரிடம் எவ்வளவு என்பதற்குச் சொல்வதில்லை. நூலிலும் இந்த இடத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள், செல்வி.

பாலு எழுதியது:

கணக்கு விளங்கியது, அம்மா. ஆனாலும் என்னிடம் கண்ணெதிரே பொய் சொன்னவர்களைப் பயனர் என்று மதிப்பாக அழைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

செல்வி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ‘பங்களியாப் பயனர்’, ‘பங்களியாமைச் சிக்கல்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘பயனுறாப் பங்களிப்பாளர்’ நாவில் சற்றுத் தடுக்குகிறது. இதைவிட எளிய சொல் தோன்றினால் எழுதுங்கள். இப்போது ‘பொதுப் பண்டம்’ மீதே எனக்கு ஐயம் வந்துவிட்டது. பொது விநியோகத் திட்ட அரிசியைத்தான் மாணவர் முதலில் நினைப்பார். அது கிலோக் கணக்கில் அளந்து, அட்டை உள்ளவருக்கு மட்டும் தரப்படுவது. ‘விலக்கவியலாப் பண்டம்’ என்று மாற்றலாமா?

தமயந்தி எழுதியது:

மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. விலக்க இயலாமை இரண்டு இயல்புகளில் ஒன்றுதான். பொதுக் கடலின் மீனையும் விலக்கிவைக்க முடியாது. ஆனால் ஒருவர் பிடித்த மீன் அடுத்தவருக்கு இல்லை. ஒருவர் துய்ப்பதால் மற்றவருக்குக் குறையாமை என்ற இரண்டாம் இயல்பை உங்கள் புதுச்சொல் விட்டுவிடுகிறது. இரண்டையும் தாங்கும் சொல் கிடைக்கும் வரை ‘பொதுப் பண்டம்’ இருக்கட்டும். முதன்முறை வரும் இடத்தில் ரேஷன் அரிசி இதில் சேராது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.