குளிர் அறையே இல்லாத கம்பெனிக்கு வந்த குளிர் அறைக் கருவி

மசாலாக்காரி, டர்பன்:

வேண்டாத விற்பனை மெயில்களுக்கு எப்படிப் பதில் போடுகிறீர்கள் என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். நான் பட்டதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளம்.

நான் வேலை செய்வது மிளகாய், மல்லி, மஞ்சள் வாங்கி அரைத்துப் பொட்டலம் போடும் சின்ன கம்பெனி. கொள்முதல் என் பொறுப்பு. போன நவம்பர் கடைசியில், டிசம்பர் விடுமுறைக்கு எல்லாரும் கதவைச் சாத்துவதற்கு முன் அவசர அவசரமாக மெயில் அனுப்பும் அந்த இரண்டு வாரத்தில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு மெயில் வந்தது. குளிர்பதன அறையின் வெப்பநிலையை இரவும் பகலும் பதிவு செய்யும் கருவி, கதவு திறந்து கிடந்தால் போனுக்குச் செய்தி வருமாம். நல்ல பொருள்தான். ஆனால் எங்களிடம் குளிர் அறையே கிடையாது. காய்ந்த சரக்கு, சாக்கு மூட்டை, காற்றோட்டமான கிடங்கு, அவ்வளவுதான்.

எழுதியவர் என் பெயரைச் சரியாகப் போட்டு மரியாதையாக எழுதியிருந்தார். பதில் போடாமல் விட மனசு வரவில்லை. ஆங்கிலத்தில் அனுப்பினேன், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உங்கள் மெயிலுக்கு நன்றி. உங்கள் கருவி மிகச் சிறப்பாக இருக்கிறது. தற்போது எங்களுக்குத் தேவையில்லை. விவரங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம், தேவைப்படும்போது தொடர்புகொள்கிறோம்."

நாலு வரி. நன்றி சொன்ன வரி தவிர மற்ற மூன்றும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் விடுமுறையில் ஒரு வாழ்த்து மெயில். பிப்ரவரியில் அடுத்தது: "தற்போது தேவையில்லை என்றீர்கள், இப்போது நிலைமை மாறியிருக்குமா?" நான் பதில் போடவில்லை. அடுத்த வாரம் ஒன்று, அதற்கடுத்த வாரம் ஒன்று. அப்புறம் ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "நாம் எதற்கு குளிர் அறை போடுகிறோம், என்னிடம் சொல்லவேயில்லையே?" என்றார். அந்த ஆள் வரவேற்பறைக்குப் போன் போட்டு, முதலாளிக்கே மெயிலும் அனுப்பி, கொள்முதல் அம்மாவுக்கு எங்கள் கருவி ரொம்பப் பிடித்திருக்கிறது, அடுத்த கட்டமாக நிர்வாகியிடம் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பொய் என்று சொல்லவும் முடியாது. "மிகச் சிறப்பாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தது நான்தானே.

உட்கார்ந்து யோசித்து இரண்டாவதாக எழுதினேன்: "எழுதியதற்கு நன்றி. நாங்கள் காய்ந்த மசாலா மட்டும் கையாள்கிறோம். எங்களிடம் குளிர்பதன அறை இல்லை, அமைக்கும் திட்டமும் இல்லை. ஆகவே உங்கள் கருவி எங்களுக்குப் பொருந்தாது. என் முகவரியையும் நிர்வாகியின் முகவரியையும் உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். உங்கள் வியாபாரம் நன்றாக நடக்க வாழ்த்துகள்."

அன்று மாலையே ஒரு வரி பதில்: நீக்கிவிட்டேன், நேராகச் சொன்னதற்கு நன்றி. அதோடு நின்றது. உங்களுக்கு எப்படி?

போர்ட் லூயிஸ்காரன்:

அக்கா, மொரீஷியஸில் எங்களுக்கு இன்னொரு கூத்து. இங்கே அலுவலகக் கடிதம் நிறைய பிரெஞ்சில்தான், மரியாதை வாக்கியமே மூன்று வரி ஓடும். ஓட்டல் படுக்கை விரிப்பு விற்கும் ஒருவருக்கு "நூஸ் அவோன் ப்ரி போன் நோத்" என்று போட்டேன். உங்கள் கடிதத்தைக் கவனத்தில் கொண்டோம் என்று அர்த்தம், எங்கள் ஊரில் அப்படி எழுதினாலே வேலை முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அவர் வெளிநாட்டுக்காரர், அவருக்குத் தெரியவில்லை. பத்து நாளில் மாதிரித் துணி பெட்டியோடு வந்து இறங்கிவிட்டது, சுங்கத்தில் தீர்வையை யார் கட்டுவது என்று எங்களிடம் கேட்கிறார்கள். நாங்கள் கால் சென்டர், படுக்கையே கிடையாது! அதிலிருந்து மரியாதையெல்லாம் முதல் வரியிலும் கடைசி வரியிலும் மட்டும்தான், நடுவில் "இல்லை" என்ற சொல் கண்டிப்பாக இருக்கும்.

பழைய விற்பனையாள், ஜோபர்க்:

பதினோரு வருஷம் அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் பதில் போட்டதும் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு நிலையைத் தேர்ந்தெடுப்போம். "தற்போது இல்லை" என்றால் தள்ளிப்போட்டவர் பட்டியல், 60 நாளோ 90 நாளோ கழித்து மென்பொருள் தானாக ஞாபகப்படுத்தும். அக்காவுக்கு பிப்ரவரியில் வந்தது அதுதான், அந்த மனிதர் உங்களை நினைத்துக்கொண்டு எழுதியதல்ல. "விலை அதிகம்" என்றால் பேரம் ஆரம்பம் என்று எடுத்துக்கொள்வோம். "ஏற்கனவே ஒருவரிடம் வாங்குகிறோம்" என்றால் இன்னும் சந்தோஷம், இவர்கள் இந்தப் பொருளுக்குக் காசு செலவழிக்கிற ஆட்கள் என்று தெரிந்துவிட்டதே.

பொருந்தாதவர் என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் போட எங்களுக்கு ஒரு காரணம் வேண்டும், மேலாளர் கேட்பார். "குளிர் அறை இல்லை" என்பது அப்படிப்பட்ட காரணம், யாரும் மறுபேச்சு பேச முடியாது. அதைவிட "அமைக்கும் திட்டமும் இல்லை" என்ற அரை வரிதான் கதவைச் சாத்தியது. அது இல்லாமல் இருந்திருந்தால், அடுத்த வருஷம் கட்டுவார்களோ என்று நான் குறித்து வைத்திருப்பேன்.

இன்னொன்று, முதல் மெயிலுக்குப் பிறகு வரும் இரண்டு மூன்று நினைவூட்டல்கள் பெரும்பாலும் தானியங்கி. பதில் வந்ததும் அந்த வரிசை நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். அதனால் உண்மையான ஆளிடமிருந்து வந்தது என்றால் முதல் மெயிலுக்கே இரண்டு வரி போடுவது உங்களுக்கு லாபம்.

சாட்ஸ்வர்த் தம்பி:

இவ்வளவு மரியாதை எதற்கு அக்கா? நம் தென்னாப்பிரிக்காவில் தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கும் போபியா சட்டம் இருக்கிறது, கேட்காமல் அனுப்பிய முதல் மெயிலே குற்றம். பிரிவு 69 என்று ஒரு வரி போடுங்கள், ஓடிவிடுவார்கள். நான் எல்லாருக்கும் அதைத்தான் ஒட்டி அனுப்புகிறேன்.

மசாலாக்காரி, டர்பன்:

பாதி சரி தம்பி. நான் எங்கள் கணக்காளர் அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். சம்மதம் வாங்குவதற்காக ஒருவரை ஒரே ஒரு தடவை அணுகலாம் என்று அதே பிரிவு 69 சொல்கிறது. அதற்கென்று படிவமும் உண்டு. ஆனால் அந்த அனுமதி சம்மதம் கேட்கத்தான், முழு விலைப்பட்டியலை வைத்து விற்பதற்கு அல்ல. ஒரு தடவை மறுத்துவிட்டால் மறுபடி கேட்கக் கூடாது. தனி ஆளுக்கு மட்டுமில்லை, கம்பெனிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்பது எனக்கே புதுச் செய்தி. ஆகவே நீ சொல்வது போல மிரட்டுவதற்கு முன் தெளிவாக ஒரு தடவை மறுத்திருக்க வேண்டும், அதுதான் பின்னால் கையில் இருக்கும் ஆதாரம். என் முதல் பதிலை எந்த அதிகாரியிடம் காட்டினாலும், இவர் எங்கேயம்மா மறுத்தார் என்றுதான் கேட்பார்.

தவிர நம் வியாபார உலகம் சின்னது. இன்றைக்குக் கருவி விற்பவர் நாளைக்கு நாம் சரக்கு விற்கப் போகும் கடையில் உட்கார்ந்திருப்பார்.

சாட்ஸ்வர்த் தம்பி:

சரி. ஆனால் மூன்றாவது மெயிலுக்கு நான் சட்டத்தைத்தான் போடுவேன்.

பழைய விற்பனையாள், ஜோபர்க்:

மூன்றாவதுக்குப் போடு, தப்பில்லை.

ஸ்வீட் பெட்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

நான் எதிர்ப்பக்கம். தீபாவளிக்கு அலுவலகங்களுக்கு இனிப்புப் பெட்டி செய்து கொடுக்கிறேன், செப்டம்பரிலிருந்து மெயில் அனுப்புவேன். எண்பது பேருக்கு அனுப்பினால் ஆறு பேர் பதில் போடுவார்கள், அதில் நாலு பேர் "நல்ல யோசனை, பார்ப்போம்". அந்த நாலு பேரை நம்பி ஒரு வருஷம் முந்திரி கூடுதலாக வாங்கி வைத்து கை சுட்டுக்கொண்டேன். மெயிலுக்குத் தலைப்பு எப்படி வைத்தால் திறந்து பார்ப்பார்கள் என்று யாராவது சொல்லுங்களேன்?

மசாலாக்காரி, டர்பன்:

தங்கச்சி, இங்கே பேச்சு மறுப்பதைப் பற்றி! ஆனால் நீ சொன்ன முந்திரிக் கதையை நான் மறக்க மாட்டேன். "பார்ப்போம்" என்று நாம் வாய்க்கு வந்தபடி எழுதுவது அங்கே ஒருவருக்குச் செலவாகிறது என்று எனக்குத் தோன்றியதேயில்லை. தலைப்பு விஷயத்துக்குத் தனியாக எழுது.

சர்வர் ரூம், டர்பன்:

எல்லாரும் பதில் போடு போடு என்கிறீர்கள். முதலில் அது மனிதன்தானா, நேர்மையான ஆள்தானா என்று பாருங்கள். மெயிலின் மூலத்தைத் திறந்தால் மேலே இந்த மாதிரி இருக்கும்:

```
From: sales@example.co.za
Reply-To: info@example.net
```

அனுப்பிய முகவரி ஒன்று, பதில் போகும் முகவரி வேறு ஒரு டொமைன் என்றால் நான் தொடவே மாட்டேன். எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை, மொத்தமாக அனுப்பும் சேவைகளிலும் இப்படி வரும், ஆனால் அப்படிப்பட்டதற்கு மரியாதைப் பதில் தேவையில்லை. தெரியாத ஆளின் மெயிலில் இருக்கும் விலகல் இணைப்பையும் சொடுக்காதீர்கள், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று உறுதிப்படுத்தியதாக ஆகிவிடும்.

இன்னொரு ஓட்டை, டிசம்பர் விடுமுறை தானியங்கிப் பதில். "ஜனவரி 8 வரை விடுமுறை, அவசரத்துக்கு நிர்வாகியை இந்த எண்ணில் கூப்பிடவும்." அக்கா, உங்கள் முதலாளி முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்?

மசாலாக்காரி, டர்பன்:

ஐயோ. அப்படித்தான் இருக்கும். என் தானியங்கிப் பதிலில் அவர் மெயில், கைப்பேசி எண் இரண்டும் இருந்தன. இந்த டிசம்பரில் வெளியாட்களுக்குத் தனியாக, பெயர் எண் எதுவும் இல்லாமல், ஒரு வரி வைக்கச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை, ஃபீனிக்ஸ்:

ஒரு சந்தேகம். எனக்கு வரும் மெயில்களில் பாதி, கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாட்டுத் தரவரிசையைச் சொல்லி, "நாங்கள் பி-பி-பி-இ-இ லெவல் 1" என்றுதான் ஆரம்பிக்கும். அப்படிப்பட்டவரைப் பொருந்தாது என்று விரட்டினால் நம் கம்பெனியின் மதிப்பெண் போய்விடாதா? அதனால் நான் எப்போதும் "கோப்பில் வைத்துக்கொள்கிறோம்" என்று போடுகிறேன்.

பழைய விற்பனையாள், ஜோபர்க்:

போகாது. லெவல் 1 ஆளிடம் 100 ராண்டுக்கு வாங்கினால் 135 ராண்டாகக் கணக்கில் வரும், அது உண்மை. ஆனால் வாங்கினால்தான். கோப்பில் வைத்ததற்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை. நீங்கள் வேறு பொருளுக்கு அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தால் அதை அவரிடமே கேட்கலாம், அது வேறு விஷயம். நான் விற்றபோது "கோப்பில்" என்று வந்த பதிலை எல்லாம் நான் சொன்ன அந்த 90 நாள் பட்டியலில்தான் போட்டேன்.

கணக்குப்பிள்ளை, ஃபீனிக்ஸ்:

அப்படியானால் என் இன்பாக்ஸ் நிரம்பியதற்கு நானே காரணம். இருந்தாலும் எங்கள் மேலாளர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை, அவருக்குக் கோப்பு என்றால் உயிர்.

போர்ட் லூயிஸ்காரன்:

அக்கா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். "எங்களுக்கு வேண்டாம், ஆனால் பக்கத்துக் கம்பெனிக்கு வேண்டியிருக்கும்" என்று கைகாட்டிவிடலாமா? உதவி செய்த மாதிரியும் இருக்கும்.

மசாலாக்காரி, டர்பன்:

நான் செய்ய மாட்டேன். எங்கள் தெருவில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்று இருக்கிறது, அந்தக் கருவி அவர்களுக்குத்தான் பொருத்தம். பெயரைக் கொடுக்கலாமா என்று கை துறுதுறுத்தது. கொடுத்திருந்தால் "மசாலாக் கம்பெனி அம்மா அனுப்பினார்" என்று அங்கே போய் நின்றிருப்பார். அதற்குப் பதில் அங்கே வேலை செய்யும் அக்காவைக் கோவிலில் பார்த்தபோது இப்படி ஒரு கருவி இருக்கிறது என்று சொன்னேன். அவரே கூப்பிட்டு விசாரித்திருக்கிறார், வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

சாட்ஸ்வர்த் தம்பி:

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் சோலார் பேனல் அனுப்புகிறவனுக்கும் இதே மரியாதையா அக்கா?

மசாலாக்காரி, டர்பன்:

அவனை பிளாக் பண்ணு தம்பி.