எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால் ஒரே நாளில் பாதியாகிவிட்டது, வேல்யூ அட் ரிஸ்க் அசையவில்லை. ஏன்?

குமரன்_க்யூ: அவசரம். நேற்று ஈ.எஸ். 4.1%, இன்று 2.3%. வார் மட்டும் 2.0-லிருந்து 1.9. பொசிஷன் மாறவில்லை. கோடில் தப்பா?

```python
v = np.percentile(r, 1)
es = r[r <= v].mean()
```

நெல்லை_டெல்டா: என்ன ஸ்ட்ராட்டஜி? எத்தனை நாள் டேட்டா?

பாண்டி77: என் ஸ்மால்கேப்பும் இப்படித்தான் விழுந்தது. ஸ்டாப்லாஸ் போடுங்க ப்ரோ.

குமரன்_க்யூ: நிஃப்டி வீக்லி ஸ்ட்ராங்கிள் விற்பது. கடைசி 500 நாள் பி அண்ட் எல்.

மூத்தவர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 500-ல் 1% என்றால் ஐந்தே நாள். அந்த ஐந்தையும் அச்சடித்துப் பார்த்தீர்களா, இல்லை எண்ணை மட்டும் நம்பினீர்களா?

குமரன்_க்யூ: நேற்று வரை 11.0, 2.8, 2.4, 2.2, 2.1. இன்று 11.0 இல்லை, கடைசியில் 2.0 சேர்ந்திருக்கு. போனது 2024 ஜூன் 4.

நெல்லை_டெல்டா: அப்ப கோடு சரி. தேர்தல் முடிவு வந்த அந்த ஒரு நாள்தான் உங்க ஈ.எஸ்.ஸில் பாதிக்கு மேல். அது ஜன்னலை விட்டு வெளியே போனதும் சராசரி விழுந்திடுச்சு. வாருக்கு ஐந்தாவது, ஆறாவது நாள்தான் கண்ணில் படும். மோசமான நாள் 11 ஆனாலும் 45 ஆனாலும் அது 2.0 என்றே சொல்லும். அசையாததை வைத்து வாரை நம்பிடாதீங்க.

ஜிபிடி_ரசிகன்: வாலுக்கு ஜெனரலைஸ்டு பரேட்டோ பொருத்துங்க, ஆட்டம் நின்றுவிடும்.

மூத்தவர்: 95%-க்கு மேல் 25 நாள்தான் மிஞ்சும். ξ 0.3 வந்தாலும் அதன் பிழை 0.26. வாலின் கனமே தெரியாதபோது எதைப் பொருத்துவது?

ஜிபிடி_ரசிகன்: ஐந்து நாள் சராசரியை விட மேல்தானே? பாஸல் குழுவே 99% வாரை விட்டு 97.5% ஈ.எஸ்.ஸுக்குப் போய்விட்டது.

மூத்தவர்: போனது சரி. பேக்டெஸ்டிங் இன்னமும் வாரில்தான் நடக்கிறது, அதையும் படியுங்கள்.

நெல்லை_டெல்டா: சண்டை அப்புறம். குமரன், பழைய பி அண்ட் எல்லை விடுங்க. அன்றைக்கு உங்க ஸ்ட்ரைக் வேறு, லாட் வேறு. இன்றைய பொசிஷனை எடுத்து, நிஃப்டியின் பழைய ஒவ்வொரு நாள் நகர்வையும், கூடவே விக்ஸ் மாற்றத்தையும் போட்டு மறுவிலை போடுங்க. 2020 மார்ச் 23 கட்டாயம் இருக்கணும், அன்று 13% சரிவு. புட் ஸ்ட்ரைக் 4% கீழே, நோஷனல் கேப்பிட்டலைப் போல 5 மடங்கு என்றால் 9 × 5 = 45% போச்சு. அதுவும் இன்ட்ரின்சிக் மட்டும். விக்ஸ் எகிறினால் இன்னும் கூடும். வாங்கிவைத்த ஹெட்ஜ் இருந்தால் குறையும், இருக்கா?

குமரன்_க்யூ: ஹெட்ஜ் இல்லை. மறுவிலையில் மார்ச் 23-க்கு 48 வந்தது. லாட் குறைக்கிறேன்.

ஜிபிடி_ரசிகன்: அந்த மறுவிலை நஷ்டங்களுக்கு பரேட்டோ பொருத்தலாமே? இப்போது டேட்டா போதும்.

மூத்தவர்: 10% சர்க்யூட்டில் சந்தை நின்றிருக்கும் நேரத்தில் எந்த விலையில் வெளியே வருவீர்கள்? அதை எந்த ξ சொல்லும்?